தோசைக்கல் நிறுவனத்துக்கு ஒரு கடிதம்: கமிஷன் கூட்டு கேட்கும் முறை

‘என் யூடியூப் சேனலுக்கு 42,000 சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். உங்கள் பொருளை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். எவ்வளவு தருவீர்கள்?’ வீட்டு உபயோகப் பொருள் விற்கும் சிறிய நிறுவனங்களின் மின்னஞ்சல் பெட்டியில் இந்த மாதிரிக் கடிதங்கள் வந்து குவிகின்றன. பெரும்பாலானவற்றுக்குப் பதில் போவதில்லை. எழுதியவர் மீது யாருக்கும் கோபம் கிடையாது. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது என்பதுதான் காரணம். 42,000 பேரில் எத்தனை பேர் பார்ப்பார்கள், அவர்கள் வீட்டுக்குப் பொருளை அனுப்ப முடியுமா, என்ன வீடியோ வரும், அதற்கு எவ்வளவு செலவு என்ற நான்கில் ஒன்றுகூட அதில் இல்லை.

பதில் வருகிற கடிதத்தை எப்படித் தயாரிப்பது என்பதை ஒரே உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். சேனல், தமிழில் வீட்டுச் சமையல். நிறுவனம், வார்ப்பிரும்புத் தோசைக்கல்லும் பணியாரக் கல்லும் செய்து, சொந்த இணையதளத்தில் இந்தியாவுக்குள் மட்டும் விற்கும் சிறிய நிறுவனம். இரண்டும் கற்பனைதான், எண்களும் கணக்குக் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்

கமிஷன் கூட்டு என்றால், உங்களுக்கென்று தரப்படும் இணைப்பு அல்லது கூப்பன் குறியீடு வழியாக நடக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் நிறுவனம் உங்களுக்கு ஒரு பங்கு தரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கமிஷனை மட்டும் நம்பி இறங்கினால் கையில் என்ன வரும் என்பதைக் கடிதம் எழுதுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

சந்தாதாரர் எண்ணிக்கையை ஓரமாக வையுங்கள். யூடியூப் ஸ்டுடியோவில் கடைசிப் பத்து நீள வீடியோக்களை எடுத்து, ஒவ்வொன்றும் வெளியான முதல் 28 நாட்களில் பெற்ற பார்வைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி போடக் கூடாது. நம் சேனலில் ஒன்பது வீடியோக்கள் 9,000 பார்வைகளை ஒட்டியே நிற்கின்றன. ஒரு கல்யாண ரசம் வீடியோ மட்டும் எப்படியோ 1,80,000 பார்வைகளைத் தொட்டுவிட்டது. சராசரி போட்டால் 26,000 வரும். அடுத்த வீடியோ 26,000 பார்வைகளைத் தொடாது என்பது உங்களுக்கும் தெரியும். பத்து எண்களையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். இங்கே அது 9,000.

அடுத்தது நாடு. தமிழ்ச் சேனல்களில் இலங்கை, வளைகுடா நாடுகள், மலேசியா, சிங்கப்பூர் பார்வையாளர்கள் கணிசமாக இருப்பார்கள். சேனலுக்கு அது பெருமைதான். இந்தியாவுக்குள் மட்டும் அனுப்பும் நிறுவனத்துக்கு அவர்கள் வாங்க முடியாதவர்கள். நம் சேனலில் 71 சதவீதம் இந்தியா. எனவே 9,000 பார்வைகளில் இந்த நிறுவனத்துக்குப் பயன்படுபவை சுமார் 6,400.

மூன்றாவது, எத்தனை பேர் இணைப்பை அழுத்துவார்கள் என்பது. வீடியோவின் கீழே நீங்கள் கொடுக்கும் வெளி இணைப்பை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று யூடியூப் சொல்லாது. எந்த நிறுவனத்திடமும் கேட்பதற்கு முன்பே, எண்ணிக்கை காட்டும் சுருக்க இணைப்பு ஒன்றைச் சில வீடியோக்களில் வைத்துப் பாருங்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் மாவுச் சல்லடைக்கோ இட்லிப் பானைக்கோ வைக்கலாம். நம் சேனலில் 11,000 பார்வைகள் பெற்ற ஒரு வீடியோவில் 230 பேர் அழுத்தியிருக்கிறார்கள். ஏறத்தாழ 2 சதவீதம். பெரிய எண் அல்ல. ஆனால் சொந்தமாக அளந்த எண். மின்னஞ்சலைப் படிப்பவர் கண் முதலில் நிற்பது அதில்தான், ஏனென்றால் வேறு யாரும் அதை அனுப்புவதில்லை.

இப்போது பெருக்குங்கள். 6,400 பார்வைகளில் 2 சதவீதம் என்றால் 128 பேர் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போவார்கள். அவர்களில் 100-க்கு 3 பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 4 தோசைக்கல். ஜி.எஸ்.டி. நீக்கிய விலை 1,600 ரூபாய், கமிஷன் 10 சதவீதம் என்றால் ஒரு கல்லுக்கு 160. மொத்தம் 640 ரூபாய்.

தேடலில் நன்றாக வரக்கூடிய வீடியோவாக இருந்து, அடுத்த 11 மாதங்களுக்கு மாதம் 1,500 பார்வைகள் சேர்ந்துகொண்டே போனாலும், ஓர் ஆண்டில் 11 கல் விற்று 1,760 ரூபாய் கிடைக்கும். இரண்டு நாள் உழைத்து எடுக்கும் வீடியோவுக்கு இது கூலி ஆகாது. இந்தக் கணக்கைப் போடாமல் ‘கமிஷன் மட்டும் போதும்’ என்று ஒப்புக்கொள்பவர்கள்தான் பிறகு நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று புலம்புகிறார்கள். யாரும் ஏமாற்றவில்லை, கணக்கு அப்படி.

கட்டணம் வேறு, கமிஷன் வேறு

எனவே வீடியோவுக்கு ஒரு கட்டணமும் விற்பனைக்கு ஒரு கமிஷனும் கேட்கப் போகிறோம். அதை நிறுவனத்தின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். 9,000 ரூபாய் கட்டணம் கேட்கிறீர்கள். ஓர் ஆண்டில் நீங்கள் விற்றுத் தரும் 11 கல்லின் மதிப்பு 17,600. கட்டணமும் கமிஷனும் சேர்ந்து 10,760 ரூபாய் அவர்கள் கையைவிட்டுப் போகிறது. வார்ப்புச் செலவு, கனமான பொருளைக் கூரியரில் அனுப்பும் செலவு எல்லாம் போக அவர்களுக்கு எதுவும் மிஞ்சாது. விற்பனையை மட்டும் காட்டி இந்தக் கட்டணத்தைக் கேட்டால் மறுக்கத்தான் செய்வார்கள், மறுப்பதுதான் சரியும்கூட.

அப்படியானால் கட்டணம் எதற்கு? அந்த வீடியோவை நிறுவனம் தன் பொருள் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்கும், புதிதாக வாங்கியவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கும். வார்ப்பிரும்புக் கல் விற்பவர்களுக்கு விற்பனையைவிடப் பெரிய தலைவலி விற்ற பிறகு வருவது. ‘தோசை ஒட்டுகிறது’, ‘கழுவி வைத்தேன், துருப் பிடித்துவிட்டது’, ‘திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்’. பொருளில் குறை இருக்காது. கல்லைப் பழக்கத் தெரியாததுதான் பெரும்பாலும் காரணம். திரும்பி வரும் ஒவ்வொரு கல்லுக்கும் இரு வழிக் கூரியர் செலவை நிறுவனம் சுமக்கிறது. அந்தப் புகாரைக் குறைக்கும் நல்ல தமிழ் வீடியோ ஒன்று அவர்களுக்குப் பணமாகவே தெரியும்.

உங்கள் வீடியோ யோசனைகள் இங்கிருந்துதான் வர வேண்டும். நிறுவனத்தின் பொருள் பக்கத்தில் உள்ள வாடிக்கையாளர் விமர்சனங்களில் ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம் கொடுத்தவற்றை மட்டும் அரை மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள். எந்தப் புகார் திரும்பத் திரும்ப வருகிறதோ, அதுதான் உங்கள் முதல் வீடியோ.

மாதிரி யோசனை எவ்வளவு விரிவாக இருக்க வேண்டும்

‘உங்கள் தோசைக்கல்லை வைத்து ஒரு சூப்பர் வீடியோ செய்கிறேன்’ என்பதை யோசனையாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். படிப்பவர் வீடியோவைக் கண்ணால் பார்க்கும் அளவுக்கு எழுதுங்கள். திரைக்கதை எழுத வேண்டாம். நம் உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்:

*‘புதுத் தோசைக்கல்: முதல் ஐந்து நாட்கள்.’ 8 நிமிடம். பெட்டியிலிருந்து எடுத்த கல்லைக் கழுவி, அரிசி கழுவிய நீரில் ஊறவைத்து, காயவைத்து, நல்லெண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேய்த்துப் பழக்குவதை நாள்வாரியாகக் காட்டுவேன். முதல் நாள் தோசை ஒட்டினால் ஒட்டியதையே காட்டுவேன். கடைசி நாளில் ஓரம் தானாக விட்டு எழும் தோசையுடன் முடியும். நடுவில் ஒரு நிமிடம்: துருப் பிடித்த கல்லை மீட்பது எப்படி.*

ஒட்டிய தோசையைக் காட்டுவேன் என்று முன்கூட்டியே சொல்வதைச் சிலர் தயக்கத்தோடு பார்ப்பார்கள். நான் அதைக் கடிதத்திலேயே வைக்கச் சொல்வேன். அந்தக் காட்சியை விரும்பாத நிறுவனம் யார் என்பது வீடியோ எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். பார்ப்பவர்கள் நம்புவதும் அந்தக் காட்சியைத்தான்.

இரண்டாவது யோசனையாக இதிலிருந்தே ஒரு ஷார்ட்ஸ் வைக்கலாம்: துருப் பிடித்த கல் 40 நொடியில் மீள்வது. இதில் ஒரு வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் விவரத்திலும் பின்னூட்டத்திலும் போடும் இணைப்புகளை அழுத்த முடியாது. ஷார்ட்ஸிலிருந்து உங்கள் நீள வீடியோவுக்கு வழி காட்டலாம். அந்த இணைப்புகள் வழியாக நேராகக் கடைக்கு அனுப்ப முடியாது. எனவே ஷார்ட்ஸைக் காட்டி விற்பனை வாக்குறுதி தராதீர்கள்.

இரண்டு யோசனை போதும். ஐந்து, ஆறு என்று அடுக்கினால் எதையும் யோசித்து எழுதவில்லை என்றுதான் தோன்றும்.

கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது

மற்ற சேனல்காரர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரிப்பதில் பயன் குறைவு. பாதிப் பேர் கூட்டிச் சொல்வார்கள். உங்கள் செலவிலிருந்து தொடங்குங்கள். எடிட்டருக்கு 2,500, பொருட்களும் எரிவாயுவும் இதர செலவும் 1,000, உங்கள் இரண்டு நாள் உழைப்புக்கு 3,000. ஆக 6,500 உங்கள் அடித்தளம். அதற்குக் கீழே போனால் நீங்கள்தான் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறீர்கள். பொருள் பக்கத்தில் ஓராண்டு பயன்படுத்தும் உரிமையையும் சேர்த்து 9,000 கேளுங்கள். அதே காட்சிகளை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் கட்டண விளம்பரமாக ஓட்ட விரும்பினால் அது தனி உரிமை, தனி விலை என்று ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் உங்கள் முகம் எத்தனை மாதம் எந்த விளம்பரத்தில் ஓடும் என்பது உங்கள் கையில் இருக்காது.

கட்டணம் முடியாது என்று சொன்னால் உடனே கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. தனி வீடியோவை விட்டுவிட்டு, ஏற்கெனவே எடுக்கத் திட்டமிட்ட ஊத்தப்பம் வீடியோவில் அந்தக் கல்லைப் பயன்படுத்தி ஒரு நிமிடம் பேசுகிறேன், கல்லும் 15 சதவீதக் கமிஷனும் தாருங்கள் என்று கேட்கலாம். வேலை குறைந்ததால் கட்டணம் குறைகிறது. வேலை அதே, கட்டணம் மட்டும் குறைவு என்ற பேரத்துக்குப் போகாதீர்கள்.

கடிதம்

வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு அனுப்பினால், ‘உங்கள் ஆர்டர் எண் என்ன?’ என்று பதில் வரும். சிறிய நிறுவனம் என்றால் நிறுவனரையோ சந்தைப்படுத்தலைப் பார்ப்பவரையோ லிங்க்ட்இன் தளத்தில் தேடிப் பிடிக்கலாம். இணையதளத்தின் அடியில் கூட்டாளர்களுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தீபாவளி விற்பனைக்கு என்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே எழுதுங்கள். கல் வந்து, பழகி, வீடியோ எடுத்து முடிய ஒரு மாதம் போய்விடும்.

மாதிரி:

*பொருள்: ‘தோசை ஒட்டுகிறது’ என்ற புகாருக்கு ஒரு தமிழ் வீடியோ – கூட்டு யோசனை*

*வணக்கம். தமிழில் வீட்டுச் சமையல் யூடியூப் சேனல் நடத்துகிறேன். உங்கள் 10 அங்குலத் தோசைக்கல்லின் விமர்சனங்களில், கல் ஒட்டுவதாகவும் துருப் பிடிப்பதாகவும் பலர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். என் சேனலிலும் அதே கேள்வியை நேயர்கள் கேட்கிறார்கள்.*

*கடைசிப் பத்து நீள வீடியோக்கள் முதல் 28 நாட்களில் பெற்ற பார்வைகளின் நடு எண் 9,000. பார்ப்பவர்களில் 71 சதவீதம் இந்தியாவில் இருக்கிறார்கள். 64 சதவீதம் பெண்கள். கடந்த முறை ஒரு சமையல் பொருளுக்கு இணைப்பு வைத்தபோது 11,000 பார்வைகளுக்கு 230 பேர் அழுத்தினார்கள். திரைப்பிடிப்புகளை இணைத்துள்ளேன்.*

*இந்த மின்னஞ்சலுடன் அனுப்பியுள்ள கோப்பில் இரண்டு வீடியோ யோசனைகள் உள்ளன. ஒரு நீள வீடியோ, ஒரு ஷார்ட்ஸ், உங்கள் பொருள் பக்கத்தில் ஓராண்டு பயன்படுத்தும் உரிமை ஆகியவற்றுக்குக் கட்டணம் 9,000 ரூபாய். என் இணைப்பு அல்லது கூப்பன் வழியாக நடக்கும் விற்பனைக்கு 10 சதவீதக் கமிஷன். விளம்பரக் கூட்டு என்பதை வீடியோவில் வெளிப்படையாகச் சொல்வேன். தகவல் பிழை இருந்தால் திருத்துவேன். என் கருத்து என்னுடையதாக இருக்கும்.*

*இந்த வாரம் பத்து நிமிடம் பேச முடியுமா?*

இவ்வளவுதான். திரைப்பிடிப்பு இல்லாமல் எண்களை எழுதாதீர்கள்; எண்களை யாரும் எழுதலாம். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த நிறுவனம்.

ஒப்புக்கொண்ட பிறகு எழுத்தில் வாங்க வேண்டியவை

இங்கேதான் பணம் தொலைகிறது, எனவே நிதானமாகப் பார்க்கலாம். முதலாவது, கமிஷன் எந்தத் தொகையின் மீது என்பது. ஜி.எஸ்.டி.யும் கூரியர் கட்டணமும் நீங்கிய விலை மீது என்பதுதான் வழக்கம். டெலிவரியின்போது பணம் தரும் ஆர்டர்களில் ஒரு பகுதி வாங்கப்படாமல் திரும்பிப் போகும். அதனால் ஆர்டர் வந்த கணக்கை விட்டுவிட்டு, பொருள் போய்ச் சேர்ந்து திருப்பி அனுப்பும் கெடு முடிந்த கணக்கைத்தான் நிறுவனம் எடுக்கும். அது நியாயமே. ஆனால் இரண்டு எண்களையும் மாதாந்திர அறிக்கையில் காட்டச் சொல்லுங்கள். 20 ஆர்டர் வந்து 9 மட்டுமே போய்ச் சேர்ந்திருந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு ஓர் ஆதாரம் வேண்டும்.

இரண்டாவது, இணைப்பை அழுத்தியவர் எத்தனை நாட்களுக்குள் வாங்கினால் அது உங்கள் கணக்கு என்பது. அமேசானின் கூட்டாளர் திட்டத்தில் இது 24 மணி நேரம்தான். நேரடியாகப் பேசும் சிறிய நிறுவனத்திடம் 30 நாள் கேட்கலாம். தோசைக்கல்லை யாரும் பார்த்த கணத்தில் வாங்குவதில்லை. சம்பளத் தேதி வரட்டும், வீட்டில் ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று இருப்பார்கள்.

மூன்றாவது, இணைப்பும் கூப்பனும் இரண்டும் வேண்டும். உங்கள் சேனலை எந்தக் கருவியில் பார்க்கிறார்கள் என்ற அறிக்கையைத் திறந்து பாருங்கள். தொலைக்காட்சியின் பங்கு கணிசமாக இருந்தால், அவர்கள் வீடியோவின் கீழுள்ள இணைப்பைத் தொடப் போவதில்லை. பிறகு கைபேசியில் நிறுவனத்தின் பெயரைத் தேடித்தான் போவார்கள். அவர்களை உங்கள் கணக்கில் சேர்ப்பது வாயால் சொல்லும் கூப்பன் ஒன்றுதான். குறியீடு சுருக்கமாக, காதால் கேட்டு எழுதக்கூடியதாக இருக்கட்டும். அது கூப்பன் தொகுப்புத் தளங்களுக்குக் கசிந்தால் சம்பந்தமில்லாதவர்களும் பயன்படுத்துவார்கள், பிறகு நிறுவனத்துடன் தகராறு வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை குறியீட்டை மாற்றலாம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இணைப்பு பொதுவாக இப்படி இருக்கும்:

```
https://example.com/dosai-kal?utm_source=youtube&utm_medium=affiliate&utm_campaign=kal01
```

வீடியோ வெளியாவதற்கு முன் உறவினர் ஒருவரை இந்த இணைப்பு வழியாக ஒரு சிறிய பொருள் வாங்கச் சொல்லி, அந்த ஆர்டர் உங்கள் பெயரில் பதிவானதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். பதிவாகாவிட்டால் அன்றே சரிசெய்துகொள்ளலாம். வெளியான பிறகு முதல் இரண்டு நாள் விற்பனை கணக்கில் வராமல் போனால், அதை மீட்க வழியே கிடையாது.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. நிறுவனம் வரி பிடித்தம் செய்து தந்தால், உங்கள் பான் எண்ணில் அது வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் தரும் இலவசப் பொருட்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் அதற்கும் 10 சதவீதம் வரிப் பிடித்தம் உண்டு. தோசைக்கல்லுக்கு இந்தப் பிரச்சினை வராது. நாளை கிரைண்டரும் அடுப்பும் வரும்போது வரும். பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இது பொருந்தாது.

‘விளம்பரம்’ என்று சொல்வது

இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இல் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் இதை வலியுறுத்துகிறது. கட்டணம் மட்டுமல்ல, கமிஷனோ இலவசப் பொருளோ வாங்கினாலும் சொல்லியாக வேண்டும். இரண்டு நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் வீடியோவில், பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும் ‘விளம்பரம்’ என்ற எழுத்து திரையில் நிற்க வேண்டும் என்பது கவுன்சிலின் விதி. தமிழ் வீடியோவுக்குத் தமிழிலேயே போடலாம். விவரத்தின் கடைசி வரியில், பத்து ஹேஷ்டேக் நடுவே ஒளித்து வைத்தால் கணக்கில் வராது. யூடியூப்பில் பதிவேற்றும்போது, கட்டண விளம்பரம் உள்ளது என்ற கட்டத்தையும் தேர்வு செய்யுங்கள். ஆனால் அந்த அறிவிப்பு தொடக்கத்தில் சில நொடிகள்தான் தெரியும், எனவே அது மட்டும் போதாது. தவறான தகவல் தரும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும், அதில் பேசியவருக்கும் சேர்த்தே. ‘இந்தக் கல்லில் சமைத்தால் ரத்தசோகை தீரும்’ என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தால், அதை வீடியோவில் சொல்லாமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

வீடியோ வெளியான 28-ஆம் நாள், யாரும் கேட்காமலேயே நிறுவனத்துக்கு ஒரு பக்கக் கணக்கு அனுப்புங்கள்: பார்வைகள், இந்தியாவின் பங்கு, இணைப்பை அழுத்தியவர்கள், நேயர்கள் கேட்ட ஐந்து கேள்விகள். விற்பனை எண்ணை அவர்கள் தருவார்கள். நீங்கள் போட்ட 4 கல் கணக்குக்கு 2 வந்திருந்தால், எந்த இடத்தில் குறைந்தது என்று பாருங்கள். அழுத்தியவர்களே குறைவு என்றால் வீடியோவில் இணைப்பைச் சொன்ன இடத்தை மாற்ற வேண்டும். 130 பேர் போயும் வாங்கவில்லை என்றால், பக்கத்தில் கல் கையிருப்பு இல்லாமல் இருந்திருக்கலாம், அல்லது கூரியர் கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் பார்த்துத் திரும்பியிருப்பார்கள். அதையும் கடிதத்தில் எழுதுங்கள். பணியாரக் கல்லுக்கான அடுத்த யோசனையை அதே கடிதத்தின் அடியில் சேர்த்து அனுப்பலாம்.